எந்த போஸ்ட் எதற்காக? மலையில் வீட்டுத் தொழில் செய்யும் பெண்களின் கேள்விகளும் பதில்களும்

குன்னூர், வீட்டில் சாக்லேட் செய்பவர்: அக்கா, ஒரு நாள் சாக்லேட் போட்டோ, ஒரு நாள் பனிமூட்டம், ஒரு நாள் தள்ளுபடி, ஒரு நாள் குட் மார்னிங். என் பக்கத்தைப் பார்த்தா எனக்கே குழப்பமா இருக்கு. திரும்பத் திரும்பப் பேசற மூணு நாலு விஷயத்தை மட்டும் முடிவு பண்ணி, கன்டென்ட் பில்லர்னு வைக்கணும்னு சொல்றாங்க. எதை வச்சு முடிவு பண்றது?

உங்கள் வாட்ஸ்அப்பை வைத்துத்தான். கடைசி மூன்று மாதத்தில் வாடிக்கையாளர்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். "மே மாசம் சென்னைக்கு அனுப்பினா உருகாதா", "இது கம்பவுண்டா, நிஜ சாக்லேட்டா", "முட்டை இருக்கா", "கல்யாணத்துக்கு 200 பேருக்குக் கொடுக்க என்ன ஆகும்". பிறகு ஒரே கவலையில் பிறந்த கேள்விகளை ஒரு குவியலாகச் சேருங்கள்.

60 கேள்வி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் உருகுமா, வீட்டில் எத்தனை நாள் இருக்கும் என்று 27. உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று 18. யாருக்கு எதைக் கொடுக்கலாம், எவ்வளவு விலை என்று 15. அவ்வளவுதான், உங்கள் பில்லர்கள், அதாவது தூண்கள் மூன்றும் வந்துவிட்டன: "கெடாமல் இருக்குமா", "உள்ளே என்ன", "யாருக்கு, எவ்வளவு". வாரம் மூன்று போஸ்ட் என்றால் மாதம் 12. குவியலின் அளவுக்கேற்ப 5, 4, 3 என்று பிரியுங்கள்.

முடிவு செய்யுமுன் ஒரு சோதனை. ஒவ்வொரு தூணின் கீழும் பத்துத் தலைப்பை ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள். நாலாவதிலேயே பேனா நின்றுவிட்டால் அது தூண் அல்ல, ஒரே ஒரு போஸ்ட். பனிமூட்டம் அப்படிப்பட்டதுதான். படம் அழகாக இருக்கும், ஆனால் "இன்று பனி" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

அதே வாசகி: ஒரே கேள்விக்கு ஒரு போஸ்ட் போட்டா முடிஞ்சிடுமே. பத்துக்கு எங்க போறது?

ஒரு கேள்வியை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். "சாக்லேட் மேல வெள்ளையா படிஞ்சிருக்கு, பூஞ்சையா?"

முதல் போஸ்ட், விரல் சோதனை. வெள்ளைப் படலத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தேயுங்கள். வழுவழுப்பாக மறைந்தால் அது மேலே வந்து உறைந்த கோகோ கொழுப்பு. சொரசொரப்பாகவே நின்றால் ஈரம் பட்டுக் கரைந்து மறுபடி படிந்த சர்க்கரை. இரண்டையும் சாப்பிடலாம், மினுமினுப்பும் வாயில் கரையும் பதமும்தான் குறையும். பஞ்சுபோல் முடிமுடியாக இருந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளுங்கள். க்ரீம் வைத்த சாக்லேட்டில் அந்த எச்சரிக்கை அவசியம். இதை 30 வினாடி வீடியோவாக, விரலை மட்டும் காட்டி எடுக்கலாம்.

இரண்டாவது, காரணம். கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகிவிடும். குன்னூரில் கெட்டியாக இருந்த பெட்டி மேட்டுப்பாளையம் வெயிலில் இளகி, இரவில் மறுபடி உறைகிறது. அப்போதுதான் அந்தப் படலம் வருகிறது.

மூன்றாவது, ஃபிரிட்ஜில் வைக்கும் முறை. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் திறக்காமல், அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் வியர்த்துச் சர்க்கரைப் படலம் வந்துவிடும்.

நான்காவது, நீங்கள் ஏன் வெள்ளி, சனியில் பார்சல் போடுவதில்லை என்பது. ஞாயிற்றுக்கிழமை குடோனில் வெக்கையில் கிடக்கக் கூடாது என்பதற்காக. (போடுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.)

ஒரு கேள்வியிலேயே நாலு போஸ்ட். 27 கேள்விக்கு எத்தனை வரும் என்று நீங்களே பாருங்கள்.

ஊட்டி, டெய்லரிங் செய்பவர்: நான் படிச்சது வேற மாதிரி. திங்கள் மோட்டிவேஷன், செவ்வாய் டிப்ஸ், புதன் தயாரிப்பு, வெள்ளி ஆஃபர்னு நாளுக்கு ஒண்ணு வைக்கறதுதானே பில்லர்?

நாளைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் அது அட்டவணை, தூண் அல்ல. "செவ்வாய் டிப்ஸ்" என்பது எதைப் பற்றிய டிப்ஸ்? அது தெரியாததால்தான் ஒரு வாரம் ஊசி, அடுத்த வாரம் தலைமுடி எண்ணெய் என்று போய்விடுகிறது. "அளவு சரியா வருமா" என்பது டெய்லரிங்கில் ஒரு தூண். அதைச் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டிவேஷன் வாசகத்துக்கு ஒரு சோதனை போதும்: பக்கத்தின் பெயரை விரலால் மறையுங்கள். யார் பக்கத்திலும் அது பொருந்தும் என்றால் எடுத்துவிடுங்கள்.

கொடைக்கானல், ஸ்வெட்டர் பின்னுபவர்: நான் ஸ்வெட்டர், மலைப்பூண்டு, தைலம் மூணும் விக்கிறேன். அப்போ எனக்கு மூணு பில்லரா?

பொருளை வைத்துப் பிரித்தால் மூன்று கடைகள் ஒரே பலகையில் தொங்குவதுபோல் ஆகிவிடும். பூண்டு வாங்க வந்தவருக்கு ஸ்வெட்டர் இடைஞ்சல். மூன்றுக்கும் பொதுவான கேள்வி எது? "இது நிஜமா மலையிலிருந்து வந்ததா, எப்படித் தெரிஞ்சுக்கறது?" அதுதான் உங்கள் முதல் தூண். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த ஊர்த் தோட்டத்தில், எந்த மாதம் எடுத்த பூண்டு என்று படத்தோடு சொல்லுங்கள். ஸ்வெட்டருக்கு அதே தூணில் கைப்பின்னலின் உட்புறத்தைக் காட்டலாம்.

தைலத்தில் ஒரு கண்டிப்பு. "ஆஸ்துமா குணமாகும்" போன்ற வாசகம் எந்தத் தூணிலும் வரக் கூடாது. அப்படிப்பட்ட விளம்பரத்தைத் தடுக்க 1954 முதல் சட்டம் இருக்கிறது.

கூடலூர்: நாலு பில்லர்னா நாலு அக்கவுண்ட் தொடங்கணுமா?

வேண்டாம். ஒரே அக்கவுண்ட்தான்.

கோத்தகிரி, ஜாம் செய்பவர்: ஏப்ரல், மே சீசன்ல நல்லா போகுது. மழை வந்தா என்ன போடறதுன்னே தெரியல, பக்கம் தூங்கிடுது.

தூண்களை மாற்றாதீர்கள், எடையை மாற்றுங்கள். மே மாதம் வாசகர் சுற்றுலா வந்தவர். "எங்கே கிடைக்கும், ஊருக்கு எடுத்துப் போகலாமா" என்பதே அவர் கேள்வி. ப்ளம்ஸ் வரத்தும் அப்போது தொடங்குவதால் "உள்ளே என்ன" தூணுக்குப் படம் தானாகக் கிடைக்கும். அந்த வாரமே மழைக்காலத்துக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்: பழம் கழுவுவது, கொட்டை எடுப்பது, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்ப்பது, பாட்டிலை மூடுவது. ஒரே நாள் சமையலில் பதினைந்து துண்டு வீடியோ தேறும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரியில் வடகிழக்கு மழை. மண் சரிந்து சாலை அடைபடும் நாளும் உண்டு. அப்போது "யாருக்கு, எவ்வளவு" தூணைத் தூக்கிப் பிடியுங்கள். தீபாவளிப் பெட்டிக்குக் கடைசித் தேதி என்ன, பாதை அடைபட்டால் எத்தனை நாள் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வாடிக்கையாளர் கோபப்படுவது தாமதத்துக்கு அல்ல, சொல்லாததற்கு.

குன்னூர் வாசகி மறுபடி: எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்? லைக் பார்க்கணுமா?

எட்டு வாரம் விடுங்கள். லைக்கை விட, போஸ்ட்டை எத்தனை பேர் சேமித்தார்கள், அதைப் பார்த்து எத்தனை பேர் மெசேஜ் செய்தார்கள் என்று தூண்வாரியாக எண்ணுங்கள். ஒரு தூணில் எட்டு வாரமாக ஒரு மெசேஜும் வரவில்லை என்றால், உடனே இடிக்காமல் தலைப்பை வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையில் மாற்றிப் பாருங்கள். "தயாரிப்பு முறை" என்பதற்கு அசையாதவர்கள் "இதுல டால்டா இருக்கா?" என்றால் நிற்பார்கள்.

ஊட்டி வாசகி: முகம் காட்டலைன்னா வளர முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்டுல விருப்பமில்ல.

கையும் குரலும் மட்டுமே காட்டி நன்றாக விற்கும் பக்கங்கள் உண்டு. உணவில் கையே போதும் என்பது என் எண்ணம். துணியில் அது போதுமா என்பதில் எனக்கே உறுதியில்லை. உடுத்திப் பார்க்காமல் அளவை நம்ப மாட்டார்கள். தையல் பொம்மைக்கு மாட்டி இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி வாசகி: நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. நான் முகம் காட்டின வாரம்தான் மெசேஜ் கூடுச்சு.

அந்த வாரம் போட்டது எந்தத் தூணில் என்றும் சொல்லுங்கள். முகத்துக்கு வந்ததா, கேள்விக்கு வந்ததா என்று பிரித்துப் பார்க்கலாம்.