ரிலீவிங் லெட்டருக்காக அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

"ஐயா, தனியார் நிறுவனத்தில் வேலையை ராஜினாமா செய்து, 90 நாள் நோட்டீஸும் முழுதாகப் பார்த்துவிட்டேன். கடைசி மாதம் முழுக்க மேலாளர் எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினார். இப்போது பயிற்சிச் செலவு ரூ.1,20,000 கட்டி, செட்டில்மென்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் என்கிறார்கள். புதிய கம்பெனி 30 நாள் கெடு வைத்திருக்கிறது. கேஸ் போடலாமா?"

மேலாளர் செய்ததை ஒதுக்கி வையுங்கள். இந்த விஷயத்தில் அது உங்களுக்கு உதவாது. உங்கள் கடைசி வேலை நாள் எது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது உங்கள் கையில் இருக்கிறதா? அது ஒன்றுதான் முக்கியம். நோட்டீஸ் முடித்தவரைப் பிடித்து வைக்க முடியாது. பணி விதிகளில் தடையோ நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கையோ இல்லாதபோது ராஜினாமா ஊழியரின் உரிமை என்று 2018-ல் சஞ்சய் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அந்த ஆதாரம் அலுவலக மெயிலோடு போய்விட்டதா? இன்றே சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கு எழுதுங்கள்: ராஜினாமா தேதி, கடைசி நாள், லேப்டாப்பை யாரிடம் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். கோபமாக ஒரு வரிகூட வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது அந்தப் படிவத்துக்குத்தான். லெட்டர் கிடைத்தால் போதும் என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "நோட்டீஸ் காலம் குறைவு", "பணியைக் கைவிட்டுச் சென்றார்" என்று நடுவில் ஒரு வரி இருக்கும். சில மாதம் கழித்துப் புதிய கம்பெனி பின்னணிச் சரிபார்ப்பு செய்யும்போது பழைய கம்பெனி அதையே பதிலாகக் கொடுக்கும். உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அப்படி ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லி எழுதுங்கள், நீக்கும்வரை கையெழுத்து வேண்டாம். அவசரத்தில் போலி லெட்டர் தயாரிக்கும் யோசனை வந்தால் அதை உடனே விட்டுவிடுங்கள். அது கிரிமினல் குற்றம்.

கேஸ் போடலாம், ஆனால் அது 30 நாளில் முடியாது. அதனால் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். போடவில்லை என்றால் பணம் தர வேண்டியதில்லை. போட்டிருந்தால், அது தானாகச் செல்லாமல் போகாது. விஜயா வங்கி வழக்கில் 2025-ல் உச்ச நீதிமன்றம் 2 லட்ச ரூபாய் பாண்டை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் பேசித் தீர்ப்பதே நல்லது. நீங்கள் வேலை பார்த்த காலத்தைக் கணக்கில் எடுத்து தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். தரும் பணத்தைக் காசோலையாக, லெட்டர் இரண்டும் கைக்கு வரும் அதே நேரத்தில் கொடுங்கள். "பணம் வரட்டும், லெட்டர் அப்புறம்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கிடையில் புதிய கம்பெனியிடம் ராஜினாமா ஏற்பு மெயில், கடைசி சம்பளச் சீட்டு இரண்டையும் காட்டி அவகாசம் கேளுங்கள். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி பதிவாகவில்லை என்றால், கடைசி சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம்.