ஆண்டு இலக்கு: எதை எண்ணுவது, எப்போது கைவிடுவது?

"ஏப்ரல் மாதம் வந்தால் அலுவலகத்தில் இலக்குகளை எண்களோடு எழுதச் சொல்கிறார்கள். எழுதிவிட்டால் ஆண்டு முழுவதும் டிக் போடுவதே வேலையாகிவிடுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

மென்பொருள் வாடிக்கையாளர் ஆதரவுப் பிரிவில் இருக்கிறேன். முதல் ஆண்டு பதினோரு இலக்குகள் எழுதினேன். அவற்றுள் ஒன்று, வாடிக்கையாளர்கள் பதிவுசெய்யும் உதவிக் கோரிக்கைகளான டிக்கெட்டுகளில் மாதம் 60-ஐ முடிப்பது. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால், கடவுச்சொல் மாற்றித் தருவது போன்ற ஐந்து நிமிட வேலைகளைத் தேடி எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் பிடிக்கும் சிக்கல்களைச் சக ஊழியர்களிடம் தள்ளத் தொடங்கினேன். இலக்கு நிறைவேறியது, ஆனால் நான் மூடிய டிக்கெட்டுகளை வாடிக்கையாளர்கள் மீண்டும் திறப்பது அதிகமானது. மூன்று சான்றிதழ்கள் பெறுவது இன்னொரு இலக்கு. மூன்றையும் பெற்றேன், மூன்றாவது எதைப் பற்றியது என்று இப்போது நினைவில்லை.

அதன்பின் இரண்டு இலக்குகளுக்கு மேல் எழுதுவதில்லை. செய்த வேலையை எண்ணுவதற்குப் பதிலாக, அந்த வேலையால் எது குறைய வேண்டுமோ அதை எண்ணுகிறேன். எடுத்துக்காட்டாக, தரவுத்தளத்திலிருந்து தகவல்களை எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழியைக் கற்க விரும்பிய ஆண்டில் "ஒரு பயிற்சியை முடிப்பேன்" என்று எழுதாமல், தரவுத்தளக் குழுவிடம் உதவி கேட்டு அனுப்பும் கோரிக்கைகளை எண்ணினேன். முந்தைய மூன்று மாதங்களின் சராசரி, மாதத்துக்கு 14 என்று இருந்தது. மார்ச்சுக்குள் அதை 5 ஆக்குவது இலக்கு. ஆனால் கேட்க வேண்டிய இடத்திலும் கேட்காமல் இருந்தாலே இந்த எண் குறைந்துவிடும் என்பதால், மீண்டும் திறக்கப்படும் டிக்கெட்டுகள் பழைய அளவைத் தாண்டக்கூடாது என்ற இரண்டாவது எண்ணை அதனுடன் சேர்த்துக் கட்டினேன். இன்டெல் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி குரோவ் இப்படி எண்களை இணையாக வைக்கச் சொன்னவர். ஒன்றை மட்டும் துரத்தினால் எது கெடுமோ, அதையே மற்றது காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வோர் இலக்குக்குக் கீழும் எந்த நிலை வந்தால் அதைக் கைவிடுவேன் என்றும் ஏப்ரலிலேயே எழுதிவைக்கிறேன். இது இல்லாவிட்டால், பொருளிழந்த இலக்கையும் எழுதிவிட்டோமே என்பதற்காக மார்ச் வரை இழுத்துச் செல்வோம். அதே ஆண்டின் மற்றோர் இலக்கு, ரசீது அச்சிடுவது பற்றி வரும் புகார்களைப் பாதியாக்குவது. அக்டோபரில் அந்தப் பகுதியையே வேறு குழு புதிதாக எழுதியதால் புகார்கள் தாமாகவே குறைந்தன. அந்த எண்ணை என் சாதனையாகக் காட்டியிருக்கலாம் (காட்டும் ஆசையும் இருந்தது); ஆனாலும் காரணத்தை ஒரே வரியில் எழுதி, மேலாளரிடம் தெரிவித்து நீக்கினேன். ஆண்டின் நடுவில் தெரிவித்ததால் ஏற்றுக்கொண்டார். மதிப்பீட்டு நாளில் சொல்லியிருந்தால் சாக்காகத்தான் பட்டிருக்கும்.

எண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன். வாரந்தோறும் பார்த்தபோது, ஒரு கடினமான டிக்கெட் வந்த வாரமெல்லாம் தோல்வியாகத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தை மட்டும் எந்த இலக்கிலும் சேர்ப்பதில்லை. ஒருமுறை சேர்த்தபோது, அவர்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.