குரல் கிணத்துக்குள்ளேருந்து வருதா? போனின் அடி மைக் பற்றிக் கேள்வி பதில்

மன்னார்குடி பக்கம், கொள்முதல் நிலையத்தில் வேலை செய்பவர்: அறுவடை தொடங்குனதுலேருந்து யார்கிட்ட பேசினாலும் "கிணத்துக்குள்ளேருந்து பேசுறியா"ங்கிறாங்க. ஸ்பீக்கர்ல போட்டா நல்லா கேக்குதாம். டவர் பிரச்சினையாண்ணே?

டவர் இல்ல தம்பி. டவர்னா குரல் வெட்டி வெட்டி வரும். ஒரே சீரா மெலிஞ்சு கேட்காது. காதுல வச்சுப் பேசும்போது போன் முக்கியமா அடி மைக்கைத்தான் நம்பும். ஸ்பீக்கர்ல போட்டதும் பல போன்கள் மேல் மைக்கையும் சேர்த்துக்கும். அதனால அடி மைக் துளைதான் அடைபட்டிருக்கணும். நெல்லு தூத்துற இடத்துல சுணை பறக்குது. சட்டைப்பையில வியர்வை ஈரத்தோட அது துளையில உக்காந்து, காய்ஞ்சதும் பஞ்சு மாதிரி இறுகிடும்.

முதல்ல பவுச்சைக் கழட்டுங்க. சார்ஜர் வாய்க்குப் பக்கத்துல தனியா இருக்கிற ஒற்றைத் துளைதான் மைக். வரிசையா இருக்கிறது ஸ்பீக்கர். சுத்தி மெல்லிய கோடு தெரிஞ்சா அது சிம் தட்டு. துடைக்கும் முன்னாடி ரெக்கார்டரை ஓட விட்டு, வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்க. அப்புறம் துளையை விரலால் மூடி அதே மாதிரி எண்ணுங்க. ரெண்டும் ஒரே மாதிரி கேட்டா துளை ஏற்கெனவே மூடித்தான் இருக்கு.

இனி போனை அணைச்சு, துளை தரையைப் பார்க்கிற மாதிரி பிடிச்சு, புது மெத்துப் பல்துலக்கியால காய்ஞ்சபடியே அரை நிமிஷம் தேய்ங்க. அழுத்த வேண்டாம், மயிர் நுனி சுணையைப் பிடிச்சு இழுத்தாப் போதும். எண்ணெய்ப்பசையா இருந்தா, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துலக்கியின் நுனியில மட்டும் தொட்டு, உதறிட்டுத் தேய்ங்க. அரை மணி நேரம் காய விட்டு மறுபடி எண்ணிப் பாருங்க.

திருவையாறு: குண்டூசியை விட்டுக் கிண்டினா உடனே சரியாயிடுதே, நான் ரெண்டு தடவை செஞ்சிருக்கேன். ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

அடைப்பு வாசல்லயே இருந்தா சில நேரம் ஊசி வேலை செய்யும், நீங்க சொல்றது பொய்யில்ல. ஆனா பல போன்கள்ல துளைக்குப் பின்னால தூசியையும் தண்ணியையும் தடுக்க ஒரு மெல்லிய வலை உண்டு. ஊசி அதைக் கிழிச்சா அன்னைக்குக் குரல் தெளிவாகும். அப்புறம் சுணை நேரா மைக்குக்கே போகும். மைக்கின் சவ்வுல ஊசி பட்டா இரைச்சல் அல்லது மொத்த அமைதி, மைக்கை மாத்தித்தான் ஆகணும். டயருக்குக் காத்தடிக்கிற பம்பும் வேண்டாம், அந்த அழுத்தம் சவ்வுக்குத் தாங்காது. வாயால ஊதினா எச்சில் ஈரம் தூசியைக் குழைச்சு உள்ளே தள்ளும். கை கழுவுற சானிடைசர் ஜெல் காய்ஞ்சா பிசுக்கு விடும்.

மயிலாடுதுறை: எனக்கு எதிராளி பேசுறதுதான் சன்னமாக் கேக்குது. அடித் துளையைத் தேய்ச்சும் ஒண்ணும் ஆகல.

அக்கா, உங்களுது மைக் இல்ல, காதுல வைக்கிற ஸ்பீக்கர். திரைக்கு மேல இருக்கிற மெல்லிய வலையை இதே மாதிரி காய்ஞ்ச துலக்கியால தேய்ங்க. ஸ்கிரீன் கார்டு அந்த வலையை மறைக்குதான்னும் பாருங்க.

பாபநாசம்: திரை மாத்தினதுக்கு அப்புறந்தான் என் குரல் மெலிஞ்சுது. துளை பளிச்சுன்னு சுத்தமா இருக்கு.

அப்படின்னா துலக்கி உதவாது. மைக்குக்கும் துளைக்கும் நடுவுல ஒரு சின்ன ரப்பர் இருக்கும், குரலை நேரா மைக்குக்குக் கொண்டுபோறது அதுதான். பிரிச்சு மூடும்போது அது நகர்ந்தாலோ விடுபட்டாலோ குரல் உள்ளேயே சிதறும். மாத்தின கடையிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்க. பல போன்கள்ல மைக் சார்ஜிங் போர்டுலேயே இருக்கு. அதனால "மைக் போச்சு"ன்னு போர்டையே மாத்தச் சொன்னா, முதல்ல ரப்பரைக் காட்டச் சொல்லுங்க. உங்களுது ரெட்மின்னா `*#*#6484#*#*` அடிச்சா சோதனைப் பட்டியல் வரும். அதுல மைக்கைத் தனியாப் பார்க்கலாம்.

மன்னார்குடிக்காரர் மறுபடி: தேய்ச்சேன்ணே, பழுப்பா சுணை உருண்டையா வந்துச்சு. ரெக்கார்டர்ல இப்ப தெளிவு. ஆனா வீட்டுலேருந்து பேசினா மட்டும் இன்னும் மெல்லிசுன்னு சொல்றாங்க.

ரெக்கார்டர் தெளிவுன்னா துளை திறந்தாச்சு. வீட்டுல ப்ளூடூத் இயர்போன் ஏதாவது தானா இணைஞ்சு, அறைக்குள்ளேருந்து உங்க குரலை எடுக்குதான்னு பாருங்க. ப்ளூடூத்தை அணைச்சும் அப்படியே இருந்தா, அதே இடத்துலேருந்து வேற சிம்மில் பேசிச் சொல்லுங்க. அதுக்கு மேலதான் எதையும் உறுதியா சொல்ல முடியும்.