பாஸ்புக்கில் இருப்பது யார் பெயர்?

கேள்வி: எங்கள் மகள் பெயரில் 2015 ஜூனில் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கினோம். அப்போது அவளுக்கு ஏழு வயது. மாதம் 1,000 ரூபாய் கட்டி வருகிறோம், இருப்பு 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 21 வயதில் பணம் கைக்கு வரும், கல்யாணத்துக்கு ஆகும் என்று நினைத்திருந்தோம். இப்போது விசாரித்தால் 2036-ல்தான் முதிர்வு என்கிறார்கள். 2030-க்கு மேல் பணம் கட்ட வேண்டாமாம். "நாம் கட்டாத ஆறு வருஷமும் பணத்தை அவர்கள் ஏன் பிடித்து வைக்க வேண்டும், இத்தோடு நிறுத்திவிடலாம்" என்கிறார் என் கணவர். மகள் இப்போது பி.காம். முதலாம் ஆண்டு, டிசம்பரில் 18 முடிந்தது. கல்லூரிக் கட்டணம் 45,000 ரூபாய்க்கு என் வளையல் இரண்டை அடகு வைத்திருக்கிறோம், நூற்றுக்கு ஒன்றரை வட்டி. கணக்கு விஷயம் மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் செல்போன், வண்டி என்று கேட்பாள் என்று சொல்லவில்லை. நிறுத்தலாமா, தொடரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நிறுத்துவதா தொடர்வதா என்பதற்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கணக்கு விஷயம் மகளுக்குத் தெரியாது என்று. அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா, அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை. உங்கள் கணவருடையதும் இல்லை. பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். கணக்குதாரர் என்ற இடத்தில் உங்கள் மகளின் பெயர் இருக்கும். உங்கள் இருவரில் யார் கையெழுத்துப் போட்டீர்களோ, அவர் காப்பாளர். அந்தப் பதவியும் அவளுக்கு 18 முடியும் வரைதான். டிசம்பரோடு அது முடிந்துவிட்டது. இனி அவளே தன் ஆதார், பான், புகைப்படத்தோடு போய்க் கையெழுத்துப் போட்டுக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் நீங்களோ உங்கள் கணவரோ ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அவளுக்குத் தெரியாமல் வைத்திருப்பது இனி சட்டப்படியும் நடக்காத காரியம்.

செல்போன் கேட்பாளாம். கேட்டாலும் தபால் நிலையத்தில் கொடுக்க மாட்டார்கள். இந்தக் கணக்கில் பணம் எடுக்கப் படிப்பு, கல்யாணம், உயிருக்கு ஆபத்தான நோய் போன்ற ஒருசில வழிகள்தான் இருக்கின்றன. வண்டி வாங்க வழியே இல்லை. பெண்ணிடம் மறைத்ததற்கு நீங்கள் சொன்ன காரணம் அதனாலேயே அடிபட்டுப்போகிறது. மறைத்ததால் என்ன நஷ்டம் என்று பாருங்கள்.

பெண் 10-ஆம் வகுப்பு தேறியிருந்தாலே, 18 வயது ஆகாவிட்டாலும், மேல்படிப்புக் கட்டணத்துக்காக இதிலிருந்து எடுக்கலாம். அதற்கு முந்தைய மார்ச் 31-ல் இருந்த இருப்பில் பாதி வரை. போன ஜூனில் அவள் கல்லூரியில் சேர்ந்தபோது உங்கள் கணக்கில் பாதி என்பது எப்படிக் குறைத்துப் போட்டாலும் 80,000-க்கு மேல் இருந்திருக்கும். கேட்ட கட்டணம் 45,000. அன்றைக்குக் காப்பாளர் கையெழுத்தும், கல்லூரி கொடுத்த சேர்க்கைக் கடிதமும் கட்டணச் சீட்டும் போதும். அதை விட்டுவிட்டுக் கையில் கிடந்த வளையலைக் கழற்றிக்கொண்டு போய் அடகுக் கடையில் வைத்திருக்கிறீர்கள். நூற்றுக்கு ஒன்றரை என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். 45,000-க்கு ஒரு வருடத்தில் 8,100 ரூபாய் வட்டி. அதே 45,000 செல்வமகள் கணக்கில் 8.2 சதவீதத்தில் சம்பாதித்துக் கொடுப்பது 3,690. பெண்ணின் "கல்யாணப் பணம்" கரையக் கூடாது என்று பொத்திவைத்ததற்கு நீங்கள் கொடுத்த விலை 4,410 ரூபாய். நகை மூழ்கிப் போகும் பயம் தனி.

கல்யாணத்துக்கென்று போட்டது, படிப்புக்குத் தொடக் கூடாது என்பீர்கள். இந்தப் பத்தியில் நூறு தடவை எழுதியிருக்கிறேன், நூற்றொன்றாகவும் எழுதுகிறேன். பெண்ணுக்குப் பெற்றோர் செய்ய வேண்டிய கடமை முதலில் படிப்பு. பந்தல் அதற்கு அப்புறம். என் அப்பாவும் என் பெயரில் பணம் போட்டிருந்தார். அது எனக்குத் தெரியவந்தது கல்யாணத்தன்று, சாமியானாக்காரருக்குக் கணக்குத் தீர்க்கும்போது. "உன் பேர்ல இருந்ததுதாம்மா" என்றார் சந்தோஷமாக. அதற்கு இரண்டு வருடம் முன்னால் எம்.ஏ. சேரக் காசில்லை என்று சொல்லியிருந்ததும் அவர்தான். நல்ல மனுஷர். அவர் மேல் இன்றைக்கும் அந்த ஒரு கோபம் எனக்கு உண்டு.

சரி, உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். திட்டத்தில் 21 என்று சொல்வது பெண்ணின் வயது இல்லை, கணக்கின் வயது. தொடங்கிய நாளிலிருந்து 21 வருடம். ஏழு வயதில் தொடங்கியதால் அவளுக்கு 28 ஆகும்போது, 2036 ஜூனில் முதிர்கிறது. இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பிறந்த வருடமே தொடங்குகிற குழந்தைக்குத்தான் 21 வயதில் கைக்கு வரும். பணம் கட்டுவது 15 வருடம், உங்களுக்கு 2030 ஜூன் வரை. அதற்குப் பிறகு கட்டச் சொன்னாலும் வாங்க மாட்டார்கள், ஆனால் வட்டி மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும்.

அந்த ஆறு வருடம் வீண் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அரசு இந்த வட்டியைக் காலாண்டுதோறும் மாற்றலாம். நீங்கள் தொடங்கிய 2015-16-ல் 9.2 இருந்தது, 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கியது, 2024 ஜனவரியில் 8.2 ஆனது. புரிவதற்காக எல்லா வருடமும் 8.2 என்றும், வருடத்துக்கு 12,000 ரூபாயை ஏப்ரல் தொடக்கத்திலேயே கட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். 15 வருடத்தில் கையிலிருந்து போனது 1,80,000. 15-ஆம் வருட முடிவில் இருப்பு சுமார் 3,58,000. அதாவது 15 வருடம் பாடுபட்டுக் கட்டியதற்கு வந்த வட்டி 1,78,000. இனி ஒரு பைசா கட்டாமல் ஆறு வருடம் விடுங்கள். அது சுமார் 5,74,000 ஆகிறது. சும்மா இருந்த ஆறு வருடத்தில் 2,16,000. கட்டிய 15 வருடத்தில் வந்த மொத்த வட்டியைவிடக் கட்டாத ஆறு வருடத்தின் வட்டி அதிகம். வட்டிக்கு வருமான வரியும் கிடையாது. உங்கள் கணவர் நிறுத்தச் சொல்வது, தென்னையை வைத்து வளர்த்துவிட்டுப் பாளை விடும் வருடம் வெட்டிப் போடுவதைப் போல இருக்கிறது.

அதனால் தொடருங்கள். அடகு வட்டியோடு மாதம் ஆயிரம் கட்டுவது இந்த வருடம் கஷ்டம் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நிதியாண்டில் 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். அதுவும் விட்டுப்போனால், தவறிய ஒவ்வொரு வருடத்துக்கும் 50 ரூபாய் அபராதத்தோடு பாக்கியைக் கட்டிச் சரிசெய்யலாம். அதையும் 15 வருடம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். இன்னொன்று, மாதாமாதம் கட்டுகிறவர் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். 5-ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 7-ஆம் தேதி கட்டினால் அந்த ஆயிரத்துக்கு அந்த மாதம் வட்டி இல்லை. ஏழு ரூபாய்கூட வராத கணக்குதான், ஆனால் தேதியை மாற்றச் செலவு ஒன்றும் இல்லையே.

கல்யாணத்துக்கு 2036 வரை காத்திருக்க வேண்டுமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். வேண்டியதில்லை. 18 முடிந்த பெண்ணின் கல்யாணத்துக்காகக் கணக்கை முன்கூட்டியே முடிக்கலாம். கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து, கல்யாணமாகி மூன்று மாதம் வரைக்குள் கேட்க வேண்டும். முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, வயதுச் சான்றோடு கொடுக்க வேண்டும். யார் கொடுக்க வேண்டும் என்று கவனியுங்கள், அவள். அது அனுமதிதான், கட்டாயமில்லை. கல்யாணமாகியும் 2036 வரை விட்டுவைக்க அவள் நினைத்தால் அதற்குக் குறுக்கே நிற்காதீர்கள். 28 வயதில், கையில் குழந்தையோடு இருக்கும்போது, தன் பெயரில் வரும் அந்தத் தொகை பெண்ணுக்கு எவ்வளவு பலம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். முதிர்ந்த பிறகு வட்டி ஏறாது, அன்றைக்கு எடுத்துவிட வேண்டியதுதான்.

இப்போது செய்ய வேண்டியது. இன்று இரவு சாப்பாடு ஆனதும் பாஸ்புக்கை அவள் கையில் கொடுங்கள். முதல் பக்கத்திலிருந்து அவளே படிக்கட்டும். பி.காம். படிக்கிற பெண், உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வாள். அடகுச் சீட்டையும் பக்கத்தில் வையுங்கள். அப்பா நிறுத்தச் சொல்கிறார் என்பதையும் மறைக்க வேண்டாம். முன்னே நான் போட்ட 8,100, 3,690 கணக்கை அவளே அப்பாவுக்குப் போட்டுக் காட்டட்டும்.

கட்டிவிட்ட முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்குப் போய் மல்லுக்கட்டாதீர்கள். இரண்டாம் ஆண்டுக்குக் கல்லூரி கட்டணச் சீட்டு கொடுத்ததும், அவள் அதை வைத்து விண்ணப்பிக்கட்டும். சீட்டில் உள்ள தொகைக்கு மேல் தர மாட்டார்கள். பாதி என்ற வரம்புக்குள் வருடத்துக்கு ஒரு முறையாக ஐந்து வருடம் வரை பிரித்தும் வாங்கலாம். அந்தக் கட்டணத்துக்கென்று நீங்கள் சேர்த்துக்கொண்டிருக்கும் பணத்தைக் கொண்டு வளையலை மீட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால், வருகிற சனிக்கிழமை அவளைத் தபால் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழில் கையெழுத்துப் போடுவதா, இங்கிலீஷிலா என்று அங்கே நின்று யோசிப்பாள். பான் கார்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே போடச் சொல்லுங்கள்.