கூப்பிட பேர் இல்லாத லோகோ

வணக்கம் சார். விதை பாக்கெட் போட்டு விக்கப் போறோம், வாங்குறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல படிக்க வராது. டிசைனர் கம்பெனி பேரோட முதல் எழுத்தையே இலை மாதிரி வளைச்சு லோகோ பண்ணித் தந்திருக்கார். பார்க்க அழகாத்தான் இருக்கு, ஆனா கிராமத்துல எடுபடுமா?

வணக்கம். எடுபடாதுன்னுதான் நினைக்கிறேன். படிக்கத் தெரியாதவங்க கடைக்கு வந்து லோகோவைத் தேடுறதில்ல, வாயால கேக்குறாங்க, இல்ல பையன்கிட்ட சொல்லி அனுப்புறாங்க. அப்ப அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பேர்தான் இருக்கணும். சேவல்னா சேவல் மார்க், ஏணின்னா ஏணி மார்க். வளைஞ்ச எழுத்தை என்னன்னு சொல்லி அனுப்புவாங்க? "இலை போட்டது"ன்னு கேட்டா விதைக் கடையில பாதி பாக்கெட்டுல இலைதான் இருக்கும்.

அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. பாக்கெட்டை ஆறடி தள்ளி நின்னு மூணு செகண்டு காட்டிட்டு மறைச்சிடுங்க, "இதை வாங்கிட்டு வரச் சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க"ன்னு கேளுங்க. "பிடிச்சிருக்கா"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. பத்துப் பேர்ல எட்டுப் பேர் ஒரே வார்த்தையைச் சொன்னா படம் தேறிடுச்சு, ஆளுக்கொண்ணு சொன்னா மாத்திடுங்க.

அடுத்தது போலி. பார்லே பிஸ்கட் ரேப்பர் கேஸ் ஒண்ணு, 1972ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பார்லே ரேப்பர்ல கையில வாளியோட ஒரு பொண்ணு, சுத்தி மாடு, கோழி, பின்னாடி பண்ணை வீடு. எதிர்த்தரப்பு ரேப்பர்லயும் பொண்ணு, மாடு, கோழி, ஆனா அங்க பொண்ணு கையில வாளி இல்ல, தலையில வைக்கோல் கட்டு, பேரும் வேற. கீழ் கோர்ட்டுங்க ரெண்டும் வேற வேறன்னு சொல்லிடுச்சு, சுப்ரீம் கோர்ட்தான் பக்கத்துல பக்கத்துல வச்சு வித்தியாசம் எண்ணக் கூடாது, வாங்குறவர் மனசுல தங்குற மொத்தத் தோற்றத்தைத்தான் பார்க்கணும்னு சொல்லி பார்லே பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. எழுத்து படிக்காதவரும் அப்படித்தான் ஞாபகம் வச்சுக்கிறார், பொண்ணு, மாடு, கோழி, அவ்ளோதான், வாளி யாருக்கு ஞாபகம் இருக்கும்? (கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சுங்கிறதையும் மறந்துடாதீங்க.)

அதனால காட்சி மாதிரி வரையாம ஒத்தைப் பொருளா வரைங்க. ஒத்தைச் சேவலைத் திருடுறவன் சேவலைத்தான் போடணும், மாட்டிப்பான். கலரை மட்டும் நம்பாதீங்க, வெயில்ல தொங்குற பாக்கெட்டுல சிவப்பு சீக்கிரம் வெளுத்துடும். படத்தை கருப்பு வெள்ளையிலயும் அடிச்சுப் பாருங்க, அப்பவும் சேவல் சேவலாத் தெரியணும்.

இன்னொண்ணு, மிளகாய் விதைக்கும் கத்தரி விதைக்கும் மேல அதே சேவல், அதே இடம், அதே சைஸ். என்ன விதைங்கிறதுக்கு கீழ காய் போட்டோ தனியா வரட்டும். காயையே மார்க்கா வச்சா ரெண்டாவது விதை கொண்டு வர்ற அன்னைக்கே சிக்கல்.