ஆறு மாத நிறுத்தத்தில் ஏறும் வட்டி

"நகரியில் தறி ஓட்டுகிறேன். 4 லட்சம் பாக்கி, 12% வட்டி, 48 தவணை மிச்சம். ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?"

அண்ணா, வட்டி நிற்காது. மாதாமாதம் அசலில் சேர்த்தால் ஆறு மாதத்தில் பாக்கி சுமார் 4,24,600 ஆகிவிடும், அதே 10,530 ரூபாய் தவணையைக் கட்டினால் 48 போய் 52 தவணை, அதாவது கடைசியில் கூடுதலாகப் போவது 40,000 ரூபாய்க்குப் பக்கம். மாதம் 4,000 வட்டியை மட்டுமாவது கட்ட முடிந்தால் பாக்கி ஏறாமல் 4 லட்சத்திலேயே நிற்கும், அதைக் கேளுங்கள். அப்புறம் சிபில் ரிப்போர்ட்டில் 'மறுசீரமைக்கப்பட்ட கடன்' என்று குறிப்பு ஏறுமா என்று எழுத்தில் வாங்குங்கள், ஏறினால் அடுத்த தறிக்குக் கடன் கேட்கும்போது இடிக்கும். ஆனால் தவணை தவறி 90 நாள் தாண்டி வாராக்கடனாவதற்கு இது எவ்வளவோ மேல்.