ஒன்பது பலவீனங்களில் எதை முதலில் எடுப்பது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் நான்கு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பலம், பலவீனம் என்று கட்டம் போட்டு எழுதியதில் ஒன்பது பலவீனங்கள் வந்தன. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: பலவீனப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பலம் என்று எழுதியவற்றை முதலில் சோதியுங்கள். என் கட்டத்தில் தவறு அங்கேதான் ஒளிந்திருந்தது.

"காஸ்டிங் நன்றாகத் தெரியும்" என்று பலத்தில் எழுதியிருந்தேன். பிறகு கட்டத்தில் இன்னொரு பத்தியைச் சேர்த்து, கடந்த ஆறு மாதத்தில் அந்த வேலையை யாரையும் கேட்காமல் நானே முடித்த தருணங்களை எழுத முயன்றபோது, காஸ்டிங்குக்கு நேரே எழுத ஒன்றுகூட இல்லை. ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி என்பதை ஒவ்வொரு முறையும் பழைய ஸ்டைலின் ஷீட்டிலிருந்தோ கட்டிங் மாஸ்டரிடமிருந்தோதான் வாங்கியிருந்தேன். ஒரே ஒருமுறை நானே போட்ட கணக்குக்கு அவர் சொன்னது: "தம்பி, இந்தக் கணக்குக்குத் துணி பத்தாதுங்க."

அது 160 ஜிஎஸ்எம் துணியில் ஆண்கள் ரவுண்ட் நெக். உயரம் 72, கை 22, அரை மார்பு 53 சென்டிமீட்டர். உயரத்தோடு மடிப்புக்கும் தையலுக்கும் 10 சேர்த்த நான், மார்புக்குச் சேர்க்க வேண்டிய 4 சென்டிமீட்டரை விட்டுவிட்டேன். சரியான கணக்கு இது:

```
(72+22+10) × (53+4) × 2 × 160 ÷ 10000 = 189.7 கிராம்
```

எனக்கு வந்தது 176.4. பீஸுக்கு 13 கிராம் அற்பமாகத் தெரியும்; பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் அது ஏறக்குறைய 130 கிலோ துணி. வெட்டும்போது வீணாகும் துணி இதற்கு மேல் தனி.

ஆகவே "காஸ்டிங்" என்ற பெரிய சொல்லை அடித்துவிட்டு, "அளவுப் பட்டியலிலிருந்து துணிக் கணக்கு எடுக்க வரவில்லை" என்று பலவீனத்தில் எழுதினேன். "பொறுமை போதாது" போன்ற குணங்களையும் அடித்தேன். அவற்றை வாரக் கடைசியில் சரிபார்க்க வழியில்லை.

பையரிடம் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவதே என் மிகப் பெரிய குறை. ஆனாலும் அதை எடுக்கவில்லை. அதற்கு வாய்ப்பு மாதம் ஒருமுறைதான் வரும், புதிய ஸ்டைலோ வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். அடிக்கடி கைபடும் குறையையே எடுங்கள், அதுதான் மூன்று மாதத்தில் அடைபடும்.

செய்தது இவ்வளவுதான்: மாஸ்டரிடம் கேட்பதற்கு முன் என் எண்ணை நோட்டில் பேனாவால் எழுதுவேன், அவருடைய எண்ணைப் பக்கத்தில் எழுதி, வித்தியாசம் எந்த அளவால் வந்தது என்று குறிப்பேன். முதல் மாதத்தில் பாதிக்கு மேல் தவறின, பெரும்பாலும் கை அளவில். தொடர்ந்து ஐந்து ஸ்டைல்கள் இரண்டு சதவீதத்துக்குள் வந்த பிறகே அதைப் பலத்தின் பக்கம் மாற்றினேன். கோடு போட்ட துணியையும் பல துண்டுகள் சேரும் ஸ்டைலையும் அந்த ஐந்தில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு இந்தச் சூத்திரம் போதாது, மார்க்கர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.